"ljkhlkj" என்று செய்தி வந்தால் கை பட்டது என்றே எடுத்துக்கொள்ளலாமா?

நிலா_நிர்வாகி | 3 பிப்ரவரி, இரவு 8.15

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெரியவர்கள் நிறைய இருப்பதால் "பமதநகக", "Pl0 .", ஒரே எமோஜி இருபது தடவை என்று செய்திகள் விழுந்துகொண்டே இருக்கும். யாராவது ஒருவர் "??" என்று கேட்பார். அனுப்பியவர் பதறி மன்னிப்புக் கேட்பார். அந்தப் பேச்சு பத்துச் செய்திக்கு நீளும்.

என் கருத்து இதுதான். படிக்க முடியாத எழுத்துக் குவியல் என்றால் கை பட்டு வந்தது, அதற்குப் பதிலே போடக் கூடாது. இது சரியா? பதில் போட்டே ஆக வேண்டும் என்றால், அவர் கூச்சப்படாதபடி எப்படிப் போடுவது?

தட்டச்சு_செல்வம் | 3 பிப்ரவரி, இரவு 9.02

பாதி சரி. படிக்க முடியவில்லை என்பது மட்டும் அடையாளம் ஆகாது. அவர் எந்தக் கீபோர்டில் அடிக்கிறார் என்று தெரிந்தால்தான் முடிவுக்கு வர முடியும். முதலில் இந்த மூன்றையும் பாருங்கள்.

```
vmtif
[ms
vphhkf
```

பார்த்தால் பூனை நடந்த மாதிரி இருக்கிறது. ஆனால் மூன்றும் பிழையில்லாத தமிழ். தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் பழகிய விரல், கீபோர்டைத் தமிழுக்கு மாற்ற மறந்து அடித்திருக்கிறது. முதல் வரியில் v என்பது வ, m என்பது ர, t என்பது ஏ, i என்பது ன, f என்பது புள்ளி. சேர்த்தால் "வரேன்". இரண்டாவது "சரி". மூன்றாவது "வணக்கம்". அதில் h இரண்டு தடவை வருவதற்குக் காரணம், தமிழ்99இல் க இரண்டு அடித்தால் முதல் க தானாகவே புள்ளி வாங்கிக்கொண்டு "க்க" ஆகிவிடும்.

இதற்குப் பதில் போடாமல் விட்டால் அவர் "வரேன்" என்று சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார், நீங்கள் வரமாட்டார் என்று நினைப்பீர்கள்.

தட்டுத் தடுமாறி விழுந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் காண ஒரு வழி: நீளம். மாற்ற மறந்து அடித்த சொல் மூன்று முதல் எட்டு எழுத்தில் நிற்கும், நடுவே இடைவெளி விழும், எழுத்துகள் மூன்று வரிசையிலும் இருந்து வரும். கை பட்டது பெரும்பாலும் ஒரே வரிசையில், பக்கத்துப் பக்கத்து விசைகளாக, இடைவெளி இல்லாமல் ஓடும்.

யாழ்_சுதா | 3 பிப்ரவரி, இரவு 10.40

செல்வம் அண்ணை சொன்னதோட இன்னொண்டையும் சேருங்கோ. எங்கட பக்கம் இது தான் கூட வாறது.

```
jkpo;
ehd; tUfpNwd;
ed;wp
```

இது பாமினி. "தமிழ்", "நான் வருகிறேன்", "நன்றி". பழைய வேர்ட் கோப்பில பாமினி எழுத்துருவில அடிச்சு வைச்சதை அப்பிடியே கொப்பி பண்ணி வாட்ஸ்ஆப்பில போட்டால் எழுத்துரு கூட வராது, அடியில இருக்கிற ஆங்கில எழுத்து மட்டும் தான் வந்து சேரும். அனுப்பினவர் தன்ர கணினியில வடிவாத் தமிழைப் பார்த்துத் தான் கொப்பி பண்ணியிருப்பார்.

கண்டுபிடிக்கிறது சுகம். சொல்லுகளுக்குள்ளயும் கடைசியிலயும் அரைப்புள்ளி திரும்பத் திரும்ப வருதோ எண்டு பாருங்கோ. பாமினியில அது தான் புள்ளி. தமிழில புள்ளி இல்லாத வசனம் அருமை, அதால ரெண்டு மூண்டு சொல்லுக்கு ஒருக்கால் எண்டாலும் அரைப்புள்ளி வரும். நடுச்சொல்லில பெரிய எழுத்து வந்தால், மேல இருக்கிற U மாதிரி, இன்னும் உறுதி. U எண்டால் "ரு". கை பட்டதில பெரிய எழுத்து நடுவில வராது.

பாமினியை யுனிகோடாக மாத்தித் தாற பக்கங்கள் இணையத்தில கிடக்கு. ஒட்டினால் ரெண்டு வினாடியில தமிழ் வந்திடும். "மாமா, பாமினியில வந்திருக்கு, நான் மாத்தி வாசிச்சிட்டன், சரி" எண்டு ஒரு வரி போட்டால் காணும்.

கோவை_ராஜன் | 4 பிப்ரவரி, காலை 7.10

எனக்கும் இதே பிரச்சனைதானுங்க. நான் பேத்திக்கு அனுப்பறது வேற எங்கயோ போயிடுது. போன வாரம் என் பால்காரருக்கு இருபத்தஞ்சு சிங்கம் ஸ்டிக்கர் போயிருக்குது. இதை நிறுத்தறதுக்கு என்ன பண்ணோணும்? பாக்கெட்ல போட்டா துணிக்கு மேல தொடு வேலை செய்யாதுன்னு கடைக்காரர் சொன்னாரு, ஆனா போகுதே?

ரிப்பேர்_மதுரை | 4 பிப்ரவரி, காலை 11.25

ராஜன் ஐயா கேட்பது வேறு கேள்வி, ஆனால் மேலே உள்ளதற்கும் விடை அதில்தான் இருக்கிறது.

தொடுதிரை அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. விரல் பக்கத்தில் வந்தால் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் மின்புலம் மாறும், அந்த மாற்றத்தைத்தான் அளக்கிறது. தடித்த, காய்ந்த துணி இருந்தால் மாற்றம் எட்டாது. கடைக்காரர் சொன்னது அந்த அளவுக்குச் சரி. மெல்லிய பருத்திச் சட்டைப் பை வேர்வையில் நனைந்து, அதன் பின்னால் உடம்பு ஒட்டி நின்றால் திரை அதை விரல் என்றே எடுத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் இந்தப் புகார் கூடுவதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று பலரும் கவனிப்பதில்லை. தடித்த டெம்பர் கிளாஸ் ஒட்டியபின் தொடு சரியாக எடுக்கவில்லை என்று Touch sensitivity என்பதை ஆன் செய்துவிடுவார்கள். சாம்சங்கில் Display பகுதியில் இருக்கும். அது துணி வழியாகவும் கூடுதலாக உணரும். பையிலிருந்து செய்தி போகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

செய்ய வேண்டியவை: அதே Display பகுதியில் Accidental touch protection ஆன் செய்யுங்கள். மற்ற கம்பெனிப் போன்களில் Pocket mode என்ற பெயரில் இருக்கும். வாட்ஸ்ஆப்பில் Settings, Chats உள்ளே Enter is send ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். ஆன் ஆகியிருந்தால் கீபோர்டின் வலது கீழ் மூலையே அனுப்பும் பொத்தான் ஆகிவிடும். பைக்குள் அடிக்கடி அழுந்துவது மூலைகள்தான். ஆனால் இவை எல்லாம் திரை அணைந்திருக்கும்போதுதான் முழுசாகக் காப்பாற்றும். சாட் திறந்தபடியே, திரை எரிய எரியப் பையில் போட்டால் எல்லா மாடலும் தடுக்காது. பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டுப் போடுங்கள். அதை மிஞ்சி வேறு மருந்து கிடையாது.

தட்டச்சு_செல்வம் | 4 பிப்ரவரி, மாலை 6.48

மதுரைக்காரர் சொன்னதை வைத்துப் பைச் செய்தியின் முகத்தைச் சொல்கிறேன். வெறும் எழுத்துக் குப்பை அதில் சிறுபகுதிதான். ஒரு மாதிரி:

```
7:12  Pl0
7:12  .
7:12  நான் நான் வீட்டுக்கு என்று நான்
7:12  👍
7:13  lp
```

ஒரே நிமிஷத்தில் நாலைந்து சின்னச் செய்திகள். அனுப்பும் பொத்தான் கீபோர்டுக்கு மேலே வலது ஓரத்தில் இருக்கிறது, அதற்குச் சற்றுக் கீழே p, l, 0. துணி அந்தப் பக்கமே உரசிக்கொண்டிருந்தால் இரண்டு எழுத்து விழும், அனுப்பு அழுந்தும், மறுபடி இரண்டு எழுத்து. மூன்றாவது வரியைப் பாருங்கள். ஒவ்வொன்றும் நல்ல தமிழ்ச் சொல், சேர்த்தால் பொருள் இல்லை. அது கீபோர்டின் மேல்பட்டையில் வரும் பரிந்துரைச் சொற்கள் அழுந்தியது. அவர் வழக்கமாக எழுதும் சொற்களைத்தான் அந்தப் பட்டை நீட்டும், அதனால் அவர் நடையிலேயே இருக்கும். குழப்பம் வருவதே இங்கேதான். "வீட்டுக்கு" என்று பார்த்ததும் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று மனம் ஓடும். சொல் திரும்பத் திரும்ப வருகிறதா, வினை எங்கேயாவது முடிகிறதா என்று பாருங்கள். பரிந்துரைப் பட்டை வாக்கியத்தை முடிக்காமலே சுற்றும்.

கணினியில் பூனையோ புத்தகமோ அழுத்தினால் வேறு முகம். அரை வினாடிக்கு மேல் விசை கீழேயே இருந்தால் அதே எழுத்து வரிசையாக விழ ஆரம்பிக்கும்: ஒரு "ஹ" நூறு தடவை, பிறகு பக்கத்து எழுத்து ஐம்பது தடவை. போன் திரையில் பெரும்பாலான கீபோர்டுகளில் எழுத்து அப்படித் தொடராது. அழுத்திப் பிடித்தால் மேலே சின்னப் பட்டி திறக்கும், அவ்வளவுதான். போனில் ஒரே எமோஜி முப்பது தடவை வந்தால் அது பெரும்பாலும் குழந்தை. குழந்தைக்குப் பிடித்தது கிடைத்துவிட்டால் அதையேதான் தட்டும்.

வெண்பா_பிரியன் | 4 பிப்ரவரி, இரவு 9.30

இலக்கண வழியில் இன்னும் எளிதாகப் பிடிக்கலாம். தமிழ்ச் சொல் ண, ள, ழ, ற, ன ஆகியவற்றில் தொடங்காது, புள்ளி வைத்த எழுத்திலும் தொடங்காது. க், ச், ட், த், ப், ற் என்று வல்லின மெய்யில் முடியவும் முடியாது. நன்னூல் இதை முதனிலை, இறுதிநிலை என்று வரையறுத்திருக்கிறது. இந்த விதியை மீறினால் அது கை பட்டது, முடிந்தது கதை.

தட்டச்சு_செல்வம் | 5 பிப்ரவரி, காலை 6.20

விதி அழகானது, ஆனால் வாட்ஸ்ஆப் தமிழுக்கு அப்படியே பொருந்தாது. "ப்ரோ", "க்ளாஸ் முடிஞ்சுது", "டிக்கெட்", "பஸ் ஸ்டாப்" எல்லாம் அந்த விதியை மீறுகின்றன, எல்லாமே யோசித்து அடித்தவை.

எதிர்ப்பக்கம் இன்னும் வேடிக்கை. தமிழ்99இல் h k j ; l என்று ஐந்து விசையை வரிசையாகத் தட்டிப் பாருங்கள். வருவது "கம்பந்த". ம-வுக்குப் பின் ப வந்தால், ந-வுக்குப் பின் த வந்தால் புள்ளி தானாக விழும். அதோடு தமிழில் அதிகம் புழங்கும் எழுத்துகளை விரல் தங்கும் நடுவரிசையில் வைத்திருக்கிறார்கள். அதனால் நடுவரிசையில் கை பட்டாலே அசல் சொல் மாதிரி ஒன்று விழும். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற அந்த அமைப்பின் சிறப்பே இங்கே நம்மை ஏமாற்றுகிறது. வெண்பா ஐயாவின் விதிப்படி "கம்பந்த" தேறிவிடும்!

நான் நம்புவது வேறு ஓர் அடையாளத்தை. தமிழ்99இல் உயிர் எல்லாம் இடது கையில், மெய் எல்லாம் ஏறக்குறைய வலது கையில். இடது கை மட்டும் பட்டால் "அஇஉஎ" என்று தனி உயிர்கள் ஒட்டி ஒட்டி வரும். சொல்லுக்கு நடுவே தனி உயிரை நாம் எழுதுவதே இல்லை, "வாஆஆ" என்று இழுக்கும்போது தவிர. வலது கை மட்டும் பட்டால் காலும் கொம்பும் சுழியும் இல்லாத வெறும் அகர வரிசை, "தபமகத". நடுவே அங்கங்கே ம்ப, ந்த. இரண்டில் எது வந்தாலும் கை பட்டதுதான்.

ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் கீபோர்டில் இது நேர்மாறு. ஆங்கில நடுவரிசையில் உயிர் a ஒன்றுதான். அதனால் புள்ளிகளாகக் கொட்டும்: "க்ஸ்ட்ஜ்ஃப்ஹ்". புள்ளி நாலைந்து தொடர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம்.

வெண்பா_பிரியன் | 5 பிப்ரவரி, காலை 8.05

தனி உயிர் சொன்னது ஏற்கிறேன். வட்டாரச் சொல்லிலும் அப்படி நடுவில் தனி உயிர் வராது. கடன் சொற்களுக்கு என் விதியைத் தளர்த்திக்கொள்ளலாம். ஆனால் ழகர, ணகர முதல் கடன் சொல்லிலும் மிக அருமை. அந்த இரண்டுக்கு மட்டுமாவது விதி ஏறக்குறைய நிற்கும்.

மீனா_2k | 5 பிப்ரவரி, மதியம் 1.15

ஒண்ணு விட்டுட்டீங்க எல்லாரும். எங்க வயசுல asdfghjkl, sdkjfhskdj இதெல்லாம் வேணும்னே அனுப்பறது. சிரிப்பு தாங்கலைன்னா, இல்ல சந்தோஷம் தாங்கலைன்னா கையை வெச்சு அப்படியே அடிப்போம். அதுக்கு வந்து "கை பட்டுடுச்சா பாப்பா?"ன்னு கேட்டா செம அசிங்கமாயிடும்.

எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, அதுக்கு முந்தின செய்தியைப் பாருங்க. ஒரு மீமோ நல்ல செய்தியோ வந்து சில வினாடிக்குள்ள விழுந்திருந்தா வேணும்னு அடிச்சது. மூணு மணி நேரம் சாட் அமைதியா இருந்து திடீர்னு விழுந்தா பாக்கெட். நாங்க அடிக்கறது நடு வரிசையிலயேதான் இருக்கும், எண்ணோ கமாவோ கலக்காது. பாக்கெட்ல இருந்து வர்றதுல 0, கமா, முற்றுப்புள்ளி எல்லாம் கலந்துடும்.

நிலா_நிர்வாகி | 5 பிப்ரவரி, இரவு 7.50

அருமை. அப்படியென்றால் என் முதல் கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிட்டது. பதிலுக்கு வருவோம். குழுவில் 👍 ரியாக்‌ஷன் மட்டும் வைத்தால் போதுமா? அனுப்பியவருக்கு மட்டும்தானே அறிவிப்பு போகும், மற்றவர்களைத் தொந்தரவு செய்யாது.

சாந்தி_ஆசிரியை | 5 பிப்ரவரி, இரவு 8.35

👍 வேண்டாம். அனுப்பியது தனக்கே தெரியாதவர், 👍 பார்த்ததும் தான் ஏதோ கேட்டதாகவும் நீங்கள் ஒப்புக்கொண்டதாகவும் நினைப்பார். சிரிக்கும் முகமும் வேண்டாம், ஐம்பது பேர் பார்க்கும் இடத்தில் அது கேலியாகப் படும்.

பதில் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, ஏதோ வந்திருக்கிறது என்று தெரிவிக்க வேண்டும். இரண்டு, உண்மையாகவே ஏதாவது சொல்ல வந்திருந்தால் சொல்லும்படி கதவைத் திறந்து வைக்க வேண்டும். "என்ன?" என்பதும் "??" என்பதும் இரண்டாவதை மட்டும் கடுமையாகச் செய்கின்றன. விளக்கம் கேட்பது போல இருப்பதால்தான் மன்னிப்பு வரிசை தொடங்குகிறது. கேள்விக்குள்ளேயே காரணத்தையும் நீங்களே கொடுத்துவிட்டால் அவர் "ஆமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம்.

வீட்டுப் பெரியவருக்கு: "அத்தை, கை பட்டு ஏதோ வந்திருக்கு, பரவாயில்லை. ஒண்ணும் அவசரம் இல்லையே?"

தோழனுக்கு: "உன் பாக்கெட் எனக்கு வணக்கம் சொல்லுது 😄 போனைப் பூட்டு."

குழந்தை அனுப்பியது போலிருந்தால்: "முப்பது சிங்கமும் பத்திரமா வந்து சேர்ந்துச்சுன்னு குட்டிக்குச் சொல்லுங்க."

எது என்று தெரியாதபோது: "இது எனக்குப் புரியலைங்க. கை பட்டதுன்னா விட்டுடுங்க, ஏதாவது சொல்ல வந்தீங்கன்னா திரும்ப அனுப்புங்க."

குழுவில் விழுந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். மேலதிகாரி என்றால், வாடிக்கையாளர்கள் இருக்கும் குழுவில் விழுந்திருந்தால் மட்டும் தனியாக, "சார், அந்தக் குழுவில் ஒரு செய்தி தவறிப்போய் வந்திருக்கு போல, பார்த்துக்குங்க." மற்றபடி பேசாமல் இருப்பதே மரியாதை.

கேலி வரியைப் போடும் முன் மேலே இரண்டு செய்தி ஏறிப் பாருங்கள். "அப்பாவை ஐசியூல சேர்த்திருக்கோம்" என்பது அவருடைய கடைசிச் செய்தியாக இருந்து, அதற்குக் கீழே "lp0" விழுந்திருக்கலாம். அங்கே பாக்கெட் வணக்கம் போடக் கூடாது. "பார்த்தேன், கூடவே இருக்கேன்" போதும்.

ரிப்பேர்_மதுரை | 6 பிப்ரவரி, காலை 10.05

டீச்சர் வரிகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் உடனே அனுப்பாதீர்கள். செய்தி வந்துகொண்டே இருக்கும்போது நீங்கள் பதில் போட்டால் அவர் திரை மறுபடி எரியும், அறிவிப்பிலேயே பதில் பெட்டி திறக்கும், துணி அதையும் தட்டும். இரண்டு மூன்று நிமிஷம் விடுங்கள். திரை தானாக அணைந்தால் வரிசையும் நின்றுவிடும்.

யாழ்_சுதா | 6 பிப்ரவரி, காலை 11.30

அதை விட ஒருக்கால் கோல் எடுக்கிறது நல்லம் தானே? அதிர்ந்தால் அவர் பையிலயிருந்து எடுத்துப் பார்ப்பார், உடன நிக்கும்.

ரிப்பேர்_மதுரை | 6 பிப்ரவரி, மதியம் 12.10

பை அழைப்பை எடுத்துவிட்டால் அவர் பேசுவது எல்லாம் உங்கள் காதில் விழும். அவருக்கும் அது பிடிக்காது. அழைப்பதானால் இரண்டு மணியடித்ததும் நிறுத்திவிடுங்கள்.

யாழ்_சுதா | 6 பிப்ரவரி, மதியம் 12.45

நான் இன்னும் கோல் பக்கம் தான். வேலைக் குழுவில ஒரு நிமிசத்துக்கு ஆறு ஏழு விழுந்தால் மூண்டு நிமிசம் பார்த்துக்கொண்டிருக்கேலாது.

மீனா_2k | 6 பிப்ரவரி, மாலை 4.20

குரல் செய்திக்கு என்ன பண்றது? மைக்கை அழுத்தி மேல இழுத்தா பூட்டிக்கும், அப்புறம் விரலை எடுத்தாலும் ஓடிட்டே இருக்கும். பாக்கெட்ல அப்படி நாலு நிமிஷம் ஓடி வந்து விழுந்தா?

சாந்தி_ஆசிரியை | 6 பிப்ரவரி, இரவு 9.10

முதல் சில வினாடியில் துணி உரசும் சத்தமும் தூரத்துப் பேச்சும் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மற்ற எல்லாவற்றிலும் காத்திருக்கச் சொன்னாலும் இதில் மட்டும் உடனே சொல்ல வேண்டும்: "நாலு நிமிஷக் குரல் செய்தி ஒண்ணு பையிலேர்ந்து வந்திருக்கு. நான் கேட்கலை. அழிச்சிடுங்க."

அழிக்கும்போது Delete for everyone என்பதைத் தொட வேண்டும், அனுப்பியதிலிருந்து இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை அது இருக்கும். பதற்றத்தில் பலர் Delete for me தொட்டுவிடுகிறார்கள். அப்போது அவர் போனில் மட்டும் மறைந்து எல்லோரிடமும் அப்படியே இருக்கும். தொட்டவுடன் கீழே Undo என்று சில வினாடி காட்டும், அதற்குள் அழுத்தினால் திரும்ப வரும். ராஜன் ஐயாவும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

கோவை_ராஜன் | 7 பிப்ரவரி, காலை 6.55

Touch sensitivity ஆன்லதான் இருந்துச்சுங்க. அணைச்சாச்சு. பால்காரருக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, ஒரு வாரமாச்சு, அவரும் ஒண்ணும் கேக்கல.

சாந்தி_ஆசிரியை | 7 பிப்ரவரி, காலை 7.40

அவர் கேட்காததே லேசான பதில்தான் ஐயா. நேரில் பார்க்கும்போது "சிங்கம் எல்லாம் பேத்திக்குப் போக வேண்டியது" என்று சொன்னால் போதும்.

செவிலி_உமா | 7 பிப்ரவரி, இரவு 10.15

ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். பக்கவாதம் தாக்கும்போது பேச்சு குழறுவது போல எழுத்தும் குழறும். தெளிவாக எழுதும் ஒருவரிடமிருந்து பொருளில்லாத சொற்கள் வரும். செல்வம் சொன்ன பரிந்துரைப் பட்டை வரியும் இதுவும் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கலாம்.

வேறுபாடு அடுத்து என்ன வருகிறது என்பதில் இருக்கிறது. பையிலிருந்து வந்தது உங்கள் பதிலுக்கு எதிர்வினை காட்டாது. உடல்நிலை சரியில்லாதவர் உங்கள் கேள்வியைப் படித்து, அதற்குப் பதில் சொல்ல முயன்று, மறுபடியும் குழப்பமாகவே எழுதுவார். கேட்டதற்கு ஏற்ற நேரத்தில், ஏற்ற நீளத்தில், ஆனால் புரியாத பதில் வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே அழைத்துப் பேசுங்கள். பேச்சு குழறுகிறதா, முகம் ஒருபக்கம் இழுக்கிறதா, ஒரு கை தூக்க வரவில்லையா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று இருந்தாலும் 108. இலங்கையில் 1990. கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதனால் அந்த முதல் குழப்பச் செய்தியை அழிக்காதீர்கள், அதில் இருக்கும் நேரம் மருத்துவருக்குத் தேவைப்படும்.

நிலா_நிர்வாகி | 8 பிப்ரவரி, காலை 9.00

இதனால்தான் "பதிலே போடக் கூடாது" என்ற என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். தனிச் செய்தியில் ஒரு வரி, சாந்தி டீச்சர் சொன்ன "ஒண்ணும் அவசரம் இல்லையே?" அதில் கட்டாயம். எதிர்வினை வந்தால் உமா சொன்னபடி பார்ப்பது, வராவிட்டால் விட்டுவிடுவது.

அழைப்பதா காத்திருப்பதா என்பதில் நான் நடுவில் நிற்கிறேன். பெரியவர் என்றால் சுதா பக்கம், மற்றவர்களுக்கு மதுரைக்காரர் பக்கம்.

தட்டச்சு_செல்வம் | 8 பிப்ரவரி, காலை 9.35

நிலா, உங்கள் முதல் பதிவில் இருந்த "பமதநகக" பற்றி ஒன்று. தமிழ்99இல் அது j k l ; h h. அப்படியானால் கடைசி இரண்டு க-வும் "க்க" என்று மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. தானாகப் புள்ளி போடாத ஏதோ ஒரு செயலியில் அடித்திருக்கிறார், அல்லது புள்ளி வசதியை அணைத்து வைத்திருக்கிறார். அவர் எந்தக் கீபோர்டு வைத்திருக்கிறார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா? அப்படி ஒன்று குழுவில் புழங்குகிறது என்றால் ம்ப, ந்த அடையாளமும் அவர் செய்திகளுக்குப் பொருந்தாது.